சுண்டெலி முதல் பசு வரை ஒரே கோடு

ஒரு சுண்டெலியின் எடை 21 கிராம். நன்கு வளர்ந்த ஒரு பசுவின் எடை 600 கிலோ. இரண்டும் வயிறு காலியாக, அதிகக் குளிரோ வெப்பமோ இல்லாத இடத்தில், விழித்தபடி சும்மா படுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், உடல் சூடு குறையாமல் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நாளில் சுண்டெலிக்கு 3.6 கிலோகலோரி செலவாகிறது. பசுவுக்கு 7,877 கிலோகலோரி. இந்த எண்கள் மாக்ஸ் கிளைபர் என்ற விலங்கு ஊட்டவியல் அறிஞர் 1947-ல் வெளியிட்ட அட்டவணையில் உள்ளவை. சுவிட்சர்லாந்தில் பிறந்து, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அட்டவணையில் எலி, முயல், பூனை, நாய், ஆடு, சிம்பன்சி, மனிதர் என்று பல உயிர்கள் இருக்கின்றன.

எடை கூடக்கூடச் செலவும் கூடுகிறது என்பது யாருக்கும் தெரியும். எந்தக் கணக்கில் கூடுகிறது என்பதுதான் கேள்வி. எடை இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கா, அதற்குக் குறைவா?

இதைச் சாதாரண கிராஃப் தாளில் பார்க்க முயன்றால் தாளே தடையாகிவிடும். கிடை அச்சில் 600 கிலோவை 20 சென்டிமீட்டரில் அடக்கினால், ஒரு சென்டிமீட்டர் 30 கிலோ ஆகிறது. அட்டவணையிலேயே பெரிய முயலின் எடை 5.33 கிலோ. அது மூலையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்கூடத் தள்ளி வராது. சுண்டெலி, எலி, பூனை, முயல் எல்லாம் இடது கீழ் மூலையில் ஒரே மைப்புள்ளியாக அப்பிக் கிடக்கும். தாளின் மற்ற இடம் முழுவதையும் நான்கைந்து பெரிய விலங்குகள் எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் லாக்-லாக் தாள் உதவிக்கு வருகிறது. பள்ளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு அடிப்படை நினைவிருக்கும்: 10-இன் மடக்கை 1, 100-இன் மடக்கை 2, 1000-இன் மடக்கை 3. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதுதான் மடக்கையின் வேலை. லாக்-லாக் தாளில் கிடை அச்சு, செங்குத்து அச்சு இரண்டுமே இந்த அளவில் போடப்பட்டிருக்கும். 0.01, 0.1, 1, 10, 100, 1000 ஆகிய எண்கள் அச்சில் சம இடைவெளியில் நிற்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரத்தை இந்தக் கட்டுரையில் ஒரு கட்டம் என்று சொல்கிறேன். ஒரு கட்டம் நகர்ந்தால் பத்து மடங்கு. தாளில் எங்கிருந்து புறப்பட்டாலும் அப்படித்தான்.

ஒரு கட்டத்தை மூன்று சென்டிமீட்டராக வைத்து வரைவோம். எடை 0.01 கிலோவில் தொடங்கி 1000 கிலோ வரை போனால் ஐந்து கட்டம், 15 சென்டிமீட்டர். செலவு 1 கிலோகலோரியில் தொடங்கி 10,000 வரை போனால் நான்கு கட்டம், 12 சென்டிமீட்டர். ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும்.

புள்ளி வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டத்துக்குள் உள்ள கோடுகள் சமமாக இருக்காது. 1-க்கும் 10-க்கும் நடுவில், 2 என்பது 0.9 சென்டிமீட்டரில் வரும். 5 என்பது 2.1 சென்டிமீட்டரில் வரும். 6, 7, 8, 9 எல்லாம் கடைசி ஒரு சென்டிமீட்டருக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். 10-க்கும் 100-க்கும் சரி நடுவே ஒரு புள்ளி இருந்தால், அதன் மதிப்பு 55 என்றுதான் கண் சொல்லும். உண்மையில் அது 31.6. பத்திரிகைகளில் வரும் மடக்கை வரைபடங்களைப் படிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். இன்னொன்று, இந்தத் தாளில் பூச்சியத்துக்கு இடமே இல்லை. இடப்பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் 0.001, 0.0001 என்று பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகுமே தவிர, பூச்சியத்தைத் தொடாது.

இப்போது புள்ளிகளை வைத்தால், சுண்டெலி இடது ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர், அடியிலிருந்து 1.7 சென்டிமீட்டரில் விழும். பசு இடது ஓரத்திலிருந்து 14.3, அடியிலிருந்து 11.7 சென்டிமீட்டரில் விழும். இடையில் உள்ள எலி, முயல், பூனை, நாய், ஆடு, மனிதர் எல்லாரும் இந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டின் மேலோ, அதை ஒட்டியோ வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். மூலையில் குவிந்து கிடந்த குழப்பம் ஒரு நேர்கோடாகிவிட்டது.

அந்தக் கோடு என்ன சொல்கிறது? லாக்-லாக் தாளில் நேர்கோடு என்றால், கிடையாக ஒரு கட்டம் நகரும் ஒவ்வொரு முறையும் செங்குத்தாக ஒரே அளவு ஏற்றம் கிடைக்கிறது என்று பொருள். தாளில் நகர்வது என்றால் நிஜத்தில் பெருக்குவது. ஆகவே எடையைப் பத்தால் பெருக்கும்போதெல்லாம் செலவும் ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கப்படுகிறது. 100 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குப் போனாலும், 60 கிலோவிலிருந்து 600 கிலோவுக்குப் போனாலும் அந்த எண் மாறாது. இப்படிப்பட்ட உறவைத்தான் அடுக்கு விதி என்கிறார்கள். சூத்திரமாக எழுதினால்:

y = a × x^b

இருபுறமும் மடக்கை எடுத்தால், log y = log a + b × log x. பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடேதான் இது. அடுக்கில் இருந்த b கீழே இறங்கி வந்து கோட்டின் சாய்வாகிவிடுகிறது.

சாய்வை அளக்க ஒரு ஸ்கேல் போதும். நாம் வரைந்த தாளில் சுண்டெலியிலிருந்து பசுவுக்குக் கிடையாக 13.4 சென்டிமீட்டர், செங்குத்தாக 10 சென்டிமீட்டர். பத்தைப் பதின்மூன்று புள்ளி நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 0.75. மடக்கை அட்டவணையை வைத்து நுணுக்கமாகப் போட்டாலும் அதே 0.75 வருகிறது. ஆனால் ஸ்கேலை வைக்கும் முன் இரண்டு அச்சிலும் ஒரு கட்டத்தின் நீளம் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கணினியில் வரையும் படங்களில் பெரும்பாலும் அப்படி இருக்காது. படத்தைப் பெட்டிக்குள் அடக்க அச்சுகளை வெவ்வேறு அளவில் இழுத்திருப்பார்கள். அப்போது சென்டிமீட்டரை விட்டுவிட்டு, கோடு கிடையாக எத்தனை கட்டம் கடக்கிறது, செங்குத்தாக எத்தனை கட்டம் ஏறுகிறது என்று எண்ணி வகுக்க வேண்டும்.

a-வைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. எடை 1 கிலோ என்ற இடத்தில் செங்குத்தாகப் போய்க் கோட்டைத் தொட்டால் 70 கிலோகலோரியில் நிற்கும். ஒன்றை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதான் என்பதால் அங்கே மிஞ்சுவது a மட்டும். ஆக, முழு விதியும் கையில் வந்துவிட்டது:

செலவு = 70 × எடை^0.75

சாய்வு 0.75 என்பதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாய்வு 1 ஆக இருந்தால் செலவு எடைக்கு நேர் விகிதம். அப்படியானால் சுண்டெலியைவிட 28,571 மடங்கு கனமான பசுவுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கிலோகலோரி செலவாக வேண்டும். உண்மையில் எட்டாயிரம்கூட இல்லை. சாய்வு ஒன்றுக்குக் குறைவாக இருப்பதால், எடை இரண்டு மடங்கானால் செலவு 1.68 மடங்குதான் ஆகிறது. பத்து மடங்கானால் 5.6 மடங்குதான். ஒரு கிலோ உடலுக்கு என்று வகுத்துப் பார்த்தால், சுண்டெலி ஒரு கிலோவுக்கு 171 கிலோகலோரி எரிக்கிறது, பசு 13 மட்டுமே எரிக்கிறது. சுண்டெலி ஓயாமல் தின்ன வேண்டியிருப்பதும், பட்டினியை நீண்ட நாள் தாங்க முடியாததும் இதனால்தான்.

இதுவரை வந்ததில் மயங்கி, நேர்கோடு தெரிந்தால் அடுக்கு விதி கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லாக்-லாக் தாளில் எதைப் போட்டாலும் கிட்டத்தட்ட நேராகத் தெரியும். அந்த நேர்மையை நம்பலாமா என்பதை முடிவு செய்வது கோட்டின் நீளம். அட்டவணையிலேயே இதைச் சோதிக்கலாம். பசுக்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். 300 கிலோ பசுவுக்கு 4,221 கிலோகலோரி, 435 கிலோ பசுவுக்கு 8,166, 600 கிலோ பசுவுக்கு 7,877. முதல் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் சாய்வு ஏறக்குறைய 1.8. அடுத்த இரண்டையும் சேர்த்தால் கோடு கீழே இறங்குகிறது. எடை கூடினால் செலவு குறைகிறது என்கிறது. இரண்டுமே அபத்தம். ஒரு பசுவுக்கும் இன்னொரு பசுவுக்கும் இயல்பாக உள்ள வித்தியாசம் இந்தக் குறுகிய எடை வரம்பை விழுங்கிவிட்டது. அதே பசுக்கள் நாலரைக் கட்டம் நீண்ட கோட்டின் கடைசியில் உட்காரும்போது சாய்வை அசைக்கக்கூட முடிவதில்லை.

கிளைபருக்கு முன்பு நிலவிய கருத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1883-ல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் மாக்ஸ் ரூப்னர் வெவ்வேறு அளவுள்ள நாய்களை அளந்து, செலவு உடலின் மேற்பரப்பைப் பொறுத்தது என்றார். உடல் சூடு தோல் வழியாகத்தானே வெளியேறுகிறது! ஒரே வடிவமுள்ள உடல் பெரிதாகும்போது மேற்பரப்பு எடையின் மூன்றில் இரண்டு அடுக்கில் கூடும். ஆகவே சாய்வு 0.67 இருக்க வேண்டும். காரணம் தெளிவாக இருந்ததால் அரை நூற்றாண்டு அது அப்படியே நின்றது. ஆனால் ரூப்னரின் நாய்கள் மூன்று கிலோவிலிருந்து முப்பது கிலோ வரைதான். அதாவது ஒரே ஒரு கட்டம். ஒரு கட்டத்தின் முடிவில் 0.67 சாய்வுக் கோடும் 0.75 சாய்வுக் கோடும் 21 சதவீதம்தான் விலகியிருக்கும். நாய்க்கு நாய் உள்ள வித்தியாசமே அந்த அளவு இருக்கும்போது, இரண்டில் எது சரி என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 1932-ல் கிளைபர் எலி போன்ற சிறிய உயிர்கள் முதல் மாடு வரை நீட்டிப் பார்த்தபோதுதான் சாய்வு 0.74 அருகில் வந்தது. சுண்டெலியிலிருந்து புறப்பட்டு 0.67 சாய்வில் போனால் 600 கிலோ பசுவுக்கு ஏறக்குறைய 3,400 கிலோகலோரிதான் கிடைக்கும். அளந்த அளவில் பாதிகூட இல்லை. ஒரு கட்டத்தில் 21 சதவீதமாக இருந்த விலகல் நாலரைக் கட்டத்தில் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. 0.74-ஐ 0.75 என்று கிளைபர் எடுத்துக்கொண்டதற்குக் கணக்கு வசதியும் ஒரு காரணம். அக்காலத்து நகர்கோல் கணிப்பானில் முக்கால் அடுக்கைப் போடுவது சுலபம்.

இரண்டாவது எச்சரிக்கை, இந்தத் தாள் பிழைகளைச் சின்னதாக்கிக் காட்டும் என்பது. 435 கிலோ பசுவை எடுத்துக்கொள்வோம். சூத்திரப்படி அதற்கு 6,670 கிலோகலோரி அளவில் வர வேண்டும், அளந்தது 8,166. இருபத்திரண்டு சதவீதம் அதிகம். நம் தாளில் அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நிற்கும். 36 கிலோ ஆடு நேர் எதிர்: சூத்திரம் 1,030 என்கிறது, அளந்தது 800. அதுவும் கோட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கீழே. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் கோட்டில் கோத்ததுபோலத் தெரியும். ஒரு பண்ணைக்காரர் இந்தக் கோட்டை நம்பித் தீவனம் அளந்தால் ஐந்தில் ஒரு பங்கு தவறிப் போகலாம். கோடு சொல்வது விலங்குலகத்தின் பொதுப் போக்கை. கொட்டிலில் நிற்கும் ஒரு மாட்டின் கணக்கை அல்ல.

இந்த மறைவை விலக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு விலங்குக்கும் அளந்த மதிப்பைச் சூத்திர மதிப்பால் வகுத்து, அந்த விகிதத்தை மட்டும் எடைக்கு எதிராகத் தனியே வரைய வேண்டும். விதி உண்மையானால் புள்ளிகள் 1 என்ற மட்டத்துக்கு மேலும் கீழுமாக ஒழுங்கின்றிச் சிதறும். இரண்டு ஓரங்களில் மேலேயும் நடுவில் கீழேயுமாகப் புள்ளிகள் தொட்டில்போல வளைந்தால், நேர்கோடு என்று நினைத்தது உண்மையில் வளைகோடு. பாலூட்டிகளின் பெரிய தரவுத் தொகுப்பை 2010-ல் ஆராய்ந்தவர்கள் இப்படிப்பட்ட மெல்லிய வளைவைத்தான் கண்டார்கள். எடை கூடக்கூடச் சாய்வும் கொஞ்சம் கூடுகிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அது சரியென்றால், சிறிய விலங்குகளை அதிகம் சேர்த்தவருக்கு ஒரு சாய்வும், பெரியவற்றை அதிகம் சேர்த்தவருக்கு வேறு சாய்வும் கிடைத்ததில் வியப்பில்லை.

அளவீடும் இதில் விளையாடுகிறது. ஆடு மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் தின்ற பிறகும் நெடுநேரம் நொதித்தல் நடந்துகொண்டே இருக்கும். வயிறு காலியான நிலை என்று சொல்லி அவற்றை அளப்பது கடினம். 2003-ல் வைட், சீமோர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஐயத்துக்குரிய விலங்குகளை நீக்கி, உடல் வெப்பநிலை வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சாய்வு மறுபடி மூன்றில் இரண்டு அருகில் வந்தது. இன்னொரு பக்கம், 1997-ல் வெஸ்ட், பிரவுன், என்குவிஸ்ட் மூவரும் ரத்தக் குழாய்கள் கிளைகிளையாகப் பிரியும் அமைப்பிலிருந்தே முக்கால் என்ற எண்ணை வருவித்துக் காட்டியிருந்தார்கள். விவாதம் ஓயவில்லை. என் பார்வையில், சாய்வு ஒன்றுக்குக் கணிசமாகக் குறைவு என்பது ஐயமற்றது. சரியாக முக்கால்தான் என்று அடித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது.

படத்தைப் படிக்கும் முன் அச்சுகளைப் பார்ப்பது பற்றியும் ஒரு சொல். கோவிட் காலத்தில் நாம் நிறையப் பார்த்த வரைபடங்களில் செங்குத்து அச்சு மட்டும் மடக்கை அளவு. கிடை அச்சில் நாட்கள் சாதாரணமாகப் போகும். அங்கே நேர்கோடு வந்தால் பொருள் வேறு. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிக்கிறது என்பதே அது. அடுக்கு விதி அல்ல. இரண்டு அச்சிலும் 1, 10, 100 சம இடைவெளியில் இருந்தால் மட்டுமே இங்கே சொன்ன படிப்பு செல்லும்.

கிளைபரின் சூத்திரத்தைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் நாய், பூனைக்கு ஓய்வு நிலையில் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிடப் பயன்படுத்துகிறார்கள். சாதாரணக் கால்குலேட்டரே போதும். பத்து கிலோ நாய்க்கு 10 × 10 × 10 போட்டு 1000. வர்க்கமூல விசையை இருமுறை அழுத்தினால் 31.6, பிறகு 5.62, அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 394 கிலோகலோரி. இதற்கு ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறார்கள்: எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டு. அதே நாய்க்கு அது 370 தருகிறது, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்தக் குறுக்குவழி சாதாரணக் கிராஃப் தாளின் நேர்கோடு. ஏறக்குறைய 2 கிலோவிலிருந்து 45 கிலோ வரைதான் செல்லும். சுண்டெலிக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: 3.6 கிலோகலோரியில் நாளை ஓட்டும் பிராணிக்கு அது 70 கிலோகலோரிக்கு மேல் கேட்கும். ஆகவே யாராவது ஒரு லாக்-லாக் வரைபடத்தைக் காட்டி அடுக்கு விதி என்று சொன்னால், கோடு எத்தனை கட்டம் நீள்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஒரு கட்டம்தான் என்றால், அந்தச் சாய்வை இன்னும் ஏற்க வேண்டாம்.